“ஆமா, போனாங்க”

தாத்தா தன் தம்பிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு புகைப்படங்களாக என்னிடம் இருக்கின்றன. தாள் என் கையில் இல்லை. அது சின்னத் தாத்தாவின் பேரன், என் தம்பி முறை, அவனிடம் இருக்கிறது. அவன்தான் படம் எடுத்து அனுப்பினான். கூடவே, தான் படித்த வரைக்கும் தட்டச்சு செய்து ஒரு பிரதியும் அனுப்பியிருந்தான்.

அந்தப் பிரதியில் இரண்டு இடங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, “தங்கச்சி … போன செய்தி கேட்டு மனம் தேறினேன்.” இன்னொன்று, அதற்கு நாலு வரி கீழே, “சாவு, காசம்”. காசம் என்றால் எலும்புருக்கி நோய். தாத்தாவின் தங்கை அந்த வருடம் காச நோயில் இறந்துபோனார், தாத்தா துக்கத்திலிருந்து மெல்ல மீண்டு எழுதுகிறார் என்று தம்பி முடிவு செய்துவிட்டான். அந்தக் கிளையோடு போக்குவரத்து விட்டுப்போய் வெகுகாலமாகிவிட்டதால் மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. குடும்ப மரப் படத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இறந்த வருடமும் ஏறிவிட்டது.

தாத்தாவின் கையெழுத்தை அறிந்தவர் என்று இன்று இருப்பவர் அத்தை ஒருவர்தான். எண்பது கடந்தவர். சிறுமியாக இருந்தபோது தாத்தா எழுதும் கடிதங்களை மடித்து ஒட்டிக் கொடுத்தவர். அவருக்குத் தொலைபேசியில் அழைத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “தங்கச்சி போன செய்தின்னு எழுதியிருக்கார் அத்தை, சரிதானே?”

“ஆமா, போனாங்க” என்றார்.

எனக்கு அது போதும் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து என் தங்கை அதே படத்தை வைத்துக்கொண்டு அத்தையிடம் பேசினாள். அவளுக்கு அந்தச் சொல் ‘பேரன்’ என்று தெரிந்திருக்கிறது. “தங்கச்சி பேரன் செய்தியா அத்தை?” என்று கேட்டாள். “இருக்கும். பேரன் இருந்தானே” என்றாராம். ஒரே சொல்லுக்கு இரண்டு ஆமாம். அத்தை பொய் சொல்லவில்லை, தடுமாறவும் இல்லை. கேட்ட கேள்விக்கு நல்ல மனதோடு பதில் சொன்னார். தவறு கேள்வியில் இருந்தது. நாங்கள் இருவரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு போய் ஒப்புதல் வாங்கி வந்திருக்கிறோம். அன்றைக்குத்தான், இதைக் கடிதமாக, தாளில், முறையாகக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கேட்பதற்கு முன்னால் நான் செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. தாத்தா திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்றவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. ‘கேட்டு’ என்பதை ‘கெடடு’ என்று எழுதுவார். ரகரத்தையும் காலையும் ஒரே மாதிரி ஒரு செங்குத்துக் கோடாகப் போடுவார். ஓலையில் எழுதிய காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. அந்தத் தலைமுறைக் கைகளில் தாளிலும் தொடர்ந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் பெரும்பாலும் இல்லை.

இந்த நான்கு பழக்கங்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தகராறுக்குரிய அந்தச் சொல்லே சாட்சி. தாளில் இருப்பது நான்கு உருவங்கள்: ஒரு கொம்பு, ஒரு ப, ஒரு செங்குத்துக் கோடு, ஒரு ன. கோட்டை ர என்று எடுத்துக்கொண்டு, கொம்பை நெடிலாக்கி, கடைசியில் புள்ளி வைத்தால் ‘பேரன்’. கோட்டைக் கால் என்று எடுத்துக்கொண்டால் ‘பொன்’. அதையே நெடிலாக்கிப் புள்ளி வைக்காமல் விட்டால் ‘போன’. மூன்றுமே நல்ல தமிழ்ச் சொற்கள், மூன்றுமே அந்தக் கையெழுத்தில் ஒரே படம். கண்ணை எவ்வளவு இடுக்கிப் பார்த்தாலும் இதில் எது என்று தாள் சொல்லாது.

தம்பி ஒரு வாதம் வைத்தான். ன-வின் தலைமேல் ஒரு புள்ளி இருக்கிறதே, அப்படியானால் ‘போன’ ஆகாது, ‘பேரன்’ அல்லது ‘பொன்’தான் ஆக வேண்டும் என்றான். தான் முதலில் படித்ததையே அவன் மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது. புள்ளி இருப்பது உண்மைதான். ஆனால் தாத்தா வேறு எங்கும் புள்ளி வைக்கவில்லை, இங்கு மட்டும் ஏன்? பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி முன்பக்கத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு ‘ழ’வின் வால் முடியும் இடமும் இந்தப் புள்ளியும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பேனா அங்கே நின்று அழுந்தி, மை தாளை ஊடுருவி இந்தப் பக்கம் தெரிகிறது. மெல்லிய தாளில் இரு பக்கமும் எழுதிய கடிதம் என்றால் இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். இல்லாத புள்ளிகளும் இல்லாத சுழிகளும் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

மங்கிய வரிகளுக்கு இன்னொரு வழி உதவியது. மை நீலம், தாள் பழுப்பேறிய மஞ்சள். புகைப்படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால், மஞ்சள் தாள் வெளுத்துப்போய் நீல மை கறுத்து எழும். நீலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் பயன் இது. மை பழுப்பாக இருந்திருந்தால் இது பலித்திருக்காது. அப்போது நீலப் பகுதியைப் பார்க்க வேண்டும், ஆனால் அதில் பழுப்பேறிய தாளும் சேர்ந்து இருண்டுவிடும். இந்த வேலைக்கெல்லாம் மூலப் படம் வேண்டும். தம்பி முதலில் வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதில் கோடுகளின் ஓரம் எல்லாம் கரைந்திருந்தது. ஆவணமாக இணைத்து மறுபடி அனுப்பச் சொன்ன பிறகுதான் எழுத்து எழுத்தாக இருந்தது.

பிறகு தாத்தாவின் எழுத்துக்களுக்கு ஓர் அட்டவணை போட்டேன். பழைய கடிதங்களில் இதற்குச் சுலபமான இடம் தொடக்க வரி. “இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்” என்பது எல்லோரும் எழுதியது. என்ன எழுதியிருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால், அவர் கை வ-வை எப்படி வளைக்கிறது, ய-வை எப்படி முடிக்கிறது என்று அங்கேயே கற்றுக்கொள்ளலாம். அடுத்த பத்தியின் தலையில் இருந்த ‘நிறக’ என்பதை யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்து அரை நாள் தேடினேன். அது ‘நிற்க’. நலம் விசாரிப்பு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன் என்பதற்கு அந்தக் காலத்தவர் போட்ட சொல். அட்டவணை பல சந்தேகங்களைத் தீர்த்தது. ர-வுக்கும் காலுக்கும் மட்டும் தீர்க்கவில்லை. ‘வந்தார்’ என்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டும் அச்சாக ஒரே கோடு.

கடைசியில் மிஞ்சிய ஐந்து இடங்களை மட்டும் அத்தையிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள். தாளின் மேல் பாதியில் அந்த வரி முழுவதும், எழுத்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும்படி பெரிதாக்கி அச்சிட்டேன். சந்தேகச் சொல்லை மட்டும் வெட்டி வைத்தால் போதாது. கையெழுத்துப் படிக்கிற கண் முன்னும் பின்னும் ஓடித்தான் படிக்கும். கீழே நான் உறுதியாகப் படித்த சொற்களை அச்செழுத்தில் போட்டு, சந்தேகச் சொல்லுக்கு வெறும் கோடு விட்டேன். என் ஊகம் எதையும் எழுதவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன். கூட அனுப்பிய கடிதம் இது:

“அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தாத்தா சின்னத் தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைத் தனியாக, யாரும் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்லாமல், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பிறகு இந்த ஐந்து தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் வட்டம் போட்ட இடம்தான் எனக்குத் தெரியாதது. அங்கே என்ன இருப்பதாக உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ அதை எழுதுங்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. நான் சொன்னால் நீங்கள் எனக்காக ஒத்துக்கொள்வீர்கள்.

பதிலுக்குக் கீழே மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எழுத்தைப் பார்த்துப் படித்தது என்றால் ‘கண்’. எழுத்து தெரியவில்லை, ஆனால் நடந்தது நினைவிருக்கிறது என்றால் ‘நினைவு’. இரண்டும் இல்லை, இப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது என்றால் ‘ஊகம்’. மூன்றுமே எனக்கு வேண்டியவைதான், எதுவும் குறைவில்லை. கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

தெரியவில்லை என்றால் கோட்டை அப்படியே விட்டுவிடுங்கள். வெற்றுக் கோடும் எனக்கு ஒரு பதில்தான்.

முதல் தாள், தேதி. தாள் மூலை கிழிந்திருக்கிறது. மிஞ்சியிருப்பது ‘ஜய ௵ ஆவணி’ என்பது மட்டும். அதற்கு முன்னால் எழுத்து இருந்ததா என்று படத்தில் தெரியவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வரி. ‘தங்கச்சி’ என்ற சொல்லுக்குப் பிறகு மடிப்பில் தாள் தேய்ந்திருக்கிறது. இரண்டு அல்லது மூன்று எழுத்துக்கான இடம். அதை அடுத்து ஒரு சொல், பிறகு ‘செய்தி கேட்டு மனம் தேறினேன்’.

நாலாவது, ‘பெரியவனுக்கு நல்ல’ என்பதற்கும் ‘பார்த்துச் சொல்லவும்’ என்பதற்கும் நடுவில் உள்ள சொல்.

ஐந்தாவது, ‘வரவும்’ என்பதற்கு முன்னால் உள்ளது. ஒரே சொல்லா, இரண்டு சொல்லா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தங்கச்சி யார், அந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் நினைவிருந்தால், ஐந்து தாளையும் முடித்த பிறகு தனித் தாளில் எழுதுங்கள், அல்லது யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.”

நினைவுகளைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. கதை முதலில் வந்துவிட்டால் கண் அந்தக் கதைக்கு ஏற்றபடியே படிக்கத் தொடங்கிவிடும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

மூன்று வாரத்தில் தாள்கள் திரும்பி வந்தன. பதில்கள் அத்தையின் கையெழுத்து. தனித் தாள் மட்டும் அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது.

ஐந்தாவது தாளை முதலில் பார்த்தேன். “சாவகாசமாக” என்று முழுதாக எழுதி, ‘கண்’ கட்டத்தில் கனமாகக் குறி போட்டிருந்தார். அவசரமில்லாமல், நிதானமாக என்று பொருள். அந்தத் தலைமுறையின் பேச்சில் இயல்பாகப் புழங்கிய சொல். தம்பி அதைக் கேட்டதே இல்லை என்பதால் நடுவில் உடைத்து, தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களாக்கிவிட்டான். ‘சாவ’ என்பதை ‘சாவு’ என்றும் ‘காச’ என்பதை ‘காசம்’ என்றும் திருத்தியதும் அவனே. புள்ளியும் இடைவெளியும் இல்லாத கையெழுத்தில் இதுதான் பெரிய ஆபத்து. தெரியாத சொல் தெரியாததாகவே நிற்காது, தெரிந்த சொற்களாகச் சிதறிவிடும். ‘சாவகாசமாக’ என்பதில் மீந்த ‘மாக’வைத் தம்பியின் பிரதியில் தேடினேன். அதற்கு அடுத்த வரியின் தொடக்கத்தில் கேள்விக்குறியோடு தனியாகக் கிடந்தது. இப்படி எச்சமாக ஒரு துண்டு மிஞ்சினால், முன்னால் எங்கோ தவறாக வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

நாலாவது தாள் ‘வேளை’யா ‘வேலை’யா என்ற கேள்வி. நான் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் என் மனதில் இருந்தது அதுதான். தாத்தா ஐகாரத்தைப் பழைய முறையில், எழுத்தின் தலைக்கு மேல் யானைத் துதிக்கை போலச் சுழித்து எழுதுவார். ணை, லை, ளை, னை நான்குக்கும் அந்தச் சுழிதான் வழக்கம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் அச்சில் இன்றைய வடிவம் வந்தது. அந்தச் சுழி வந்து இறங்கும் இடத்தில் ல-வா ள-வா என்று அடையாளம் மறைந்துவிடுகிறது. பெரியவனுக்கு நல்ல வேளை பார்த்துச் சொல்லவும் என்றால், தக்க சமயத்தில் அவனிடம் எடுத்துச் சொல் என்றாகும். நல்ல வேலை பார்த்துச் சொல்லவும் என்றால், அவனுக்கு ஓர் உத்தியோகம் தேடு என்றாகும். இரண்டும் முழு வாக்கியம்.

அத்தை ‘வேலை’ என்று எழுதி, ‘கண்’ குறியிட்டு, ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அப்பா ள-வுக்கு வாலை இழுத்துவிடுவார்.” அந்த ஒரு வரி எனக்குப் பதிலைவிடப் பெரிது. ஏனென்றால் அதை நான் சோதிக்கலாம். இரண்டாம் வரியில் ‘பிள்ளைகள்’ என்ற சொல் சந்தேகமில்லாமல் இருக்கிறது. அதில் மூன்று ள. மூன்றிலும் வால் வரிக்குக் கீழே வரை இறங்குகிறது. வட்டமிட்ட சொல்லில் அப்படி எதுவும் இல்லை. ‘வேலை’ என்பதை அடைப்பில்லாமல், கேள்விக்குறி இல்லாமல் எழுதினேன்.

இரண்டாவது, மூன்றாவது தாள்கள். மூன்றாவதில் “போன” என்று எழுதியிருந்தார். குறி ‘நினைவு’ கட்டத்தில். இரண்டாவதில் “வீடு” என்று எழுதி, அதற்கும் ‘நினைவு’. தனித் தாளில் விளக்கம் இருந்தது. தாத்தாவின் தங்கை, அத்தைக்கு அத்தை, புகுந்த வீட்டில் மனத்தாங்கல் என்று வந்து ஆறேழு மாதம் இவர்கள் வீட்டில் இருந்திருக்கிறார். பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்து அவர் திரும்பிப் போனபோது தாத்தா வெளியூரில் இருந்தார். போய்ச் சேர்ந்த செய்தி சின்னத் தாத்தா மூலம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் எழுதுகிறார்: தங்கச்சி வீடு போன செய்தி கேட்டு மனம் தேறினேன். அவர் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தாராம். அந்தச் சமயத்தில் அவருடைய மூத்த பிள்ளைக்கே எட்டு வயது. பேரனுக்கு வழியே இல்லை. தொலைபேசியில் என் தங்கையிடம் ‘பேரன் இருந்தானே’ என்று அத்தை சொன்னது பிற்காலத்தில் பிறந்த பேரனை நினைத்து.

“ஆமா, போனாங்க.” அத்தை முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போனதைச் சொன்னார். நான் உலகை விட்டுப் போனதைக் கேட்டேன். ‘போன’ என்ற எழுத்தைச் சரியாகப் படித்தவன் தம்பிதான். பொருளைத்தான் தவறவிட்டான். மடிப்பில் தேய்ந்த சொல் இல்லாமல் அந்த வரி அப்படித்தான் ஒலிக்கும், அதற்கு முட்டுக்கொடுக்கக் கீழே ஒரு ‘சாவு’ வேறு கிடைத்துவிட்டது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கின்றன. குடும்ப மரப் படத்தில் அந்த இறந்த வருடத்தை அன்றைக்கே அழிக்கச் சொன்னேன்.

இருந்தாலும் ‘வீடு’ என்பதை நான் உறுதியாக எழுதவில்லை. அத்தை அதைப் படிக்கவில்லை, நினைவிலிருந்து நிரப்பினார். மடிப்பில் இரண்டு எழுத்துக்கு இடமுண்டு என்பது அதற்கு எதிராக இல்லை, அவ்வளவுதான். ‘போன’ என்பதற்குக் கேள்விக்குறி வேண்டாம் என்று விட்டேன். நான்கு உருவங்களும் அதற்குப் பொருந்துகின்றன, நினைவும் பொருந்துகிறது, மற்ற இரண்டு வாசிப்புகளும் விழுந்துவிட்டன.

தேதித் தாளை அத்தை வெறுமனே விட்டிருந்தார். அறுபது வருடச் சுழற்சியில் ‘விஜய’ வந்தது 1953–54, அதை அடுத்து ‘ஜய’ 1954–55. கிழிந்த மூலையில் ஒரு ‘வி’ இருந்ததா இல்லையா என்பதில் ஒரு முழு வருடம் தொங்குகிறது. ஆனால் தனித் தாளில், அவர் அறியாமலே ஒரு விடை இருந்தது. “அத்தை வீட்டுக்குப் போன வருஷம்தான் நான் ஆறாம் வகுப்பு சேர்ந்தேன்” என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பள்ளிச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. சேர்ந்தது 1954 ஜூன். அப்படியானால் ஆவணி மாதத்தில் எழுதிய கடிதம் ஜய வருடத்தது, 1954. இதை நேராகக் கேட்டிருந்தால் ‘1953ஆ 1954ஆ’ என்று அவரைக் குழப்பியிருப்பேன். வருட எண்ணை யாரும் நினைவில் வைப்பதில்லை. வகுப்பை வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது என்று தாள்களை அடுக்கும்போதுதான் ஐந்தாவது தாளில் இன்னொன்று கண்ணில் பட்டது. நான் உறுதி என்று அச்சிட்டிருந்த ‘வரவும்’ என்ற சொல்லின் வ-வை மெல்லிய பென்சில் கோட்டால் அடித்து, மேலே ‘த’ என்று எழுதியிருந்தார். சாவகாசமாகத் தரவும். நிதானமாக வா என்பது, நிதானமாகக் கொடு என்றாகிறது. வாங்கிய ஏதோ ஒன்றைத் திருப்பித் தருவதைப் பற்றிய பேச்சு அது. அதற்கு மேல் வரியில், நான் பொருள் புரியாமல் விட்டிருந்த ‘அது பற்றிக் கவலை வேண்டாம்’ என்பதும் இப்போது தனக்கு உரிய இடத்தில் உட்காருகிறது.

நான் கேட்காத கேள்விக்கு வந்த பதில் என்பதால் கட்டங்களில் குறி எதுவும் இல்லை. கண்ணால் படித்தாரா, நினைவா, ஊகமா என்று தெரியவில்லை. படத்தில் அந்த எழுத்தின் அடிப்பகுதி அடுத்த வரியின் கொம்பில் மோதிக் கலங்கியிருக்கிறது. த-வுக்கு இருக்க வேண்டிய வால் அங்கேதான் இருந்திருக்கும். என் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லை நான் எப்போது ‘உறுதி’ வரிசையில் சேர்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. தம்பியின் பிரதியிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன்.

தம்பிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு கைவிளக்கைத் தாளின் விளிம்புக்குச் சமமாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பேனா அழுந்திய பள்ளம் இருந்தால் நிழலாகத் தெரியும். அத்தைக்கும் ஆறாவது தாள் ஒன்று அச்சிட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை வரியின் கீழே நான் எதையும் அச்சிடவில்லை. முழு வரிக்கும் கோடுதான்.